லீவைக் காசாக்குவதா, நோட்டீஸில் கழிப்பதா?

வேலையை விடும்போது பாக்கி லீவுக்குக் காசு வாங்கலாம். இல்லையென்றால் குறைகிற நோட்டீஸ் நாளில் கழித்துக்கொள்ளலாம். ரெண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு நாளுக்கு என்ன ரேட் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் டாக்குமென்டேஷன் பார்க்கும் பையனை வைத்துக் கணக்குப் போடுவோம். மாதச் சம்பளம் 36,000, அதில் பேசிக் 18,000. நோட்டீஸ் 60 நாள். எண்ணூரில் கிடைத்த புது வேலைக்கு ஜூலை 1-ல் சேர வேண்டும். ஜூன் 1-ல் ராஜினாமா கொடுத்து ஜூன் 30-ல் கிளம்பினால் 30 நாள் குறைகிறது. லீவு 15 நாள் இருக்கிறது. ஜூன் சம்பளத்தை ஆபீஸில் நிறுத்தி வைத்துவிட்டார்கள், அது வழக்கம்தான்.

லீவுக்குக் காசு கேட்டால்: நோட்டீஸ் பிடித்தம் மொத்தச் சம்பளத்தில், நாளுக்கு 1,200. முப்பது நாளுக்கு 36,000, ஜூன் சம்பளம் அப்படியே போய்விடும். லீவுக்கு மட்டும் பேசிக்கில்தான் தருவார்கள், நாளுக்கு 600, ஆக 9,000. கைக்கு வருவது அந்த 9,000 மட்டும்தான்.

லீவைக் கழித்தால்: குறைவது 15 நாள்தான், பிடித்தம் 18,000. ஜூன் சம்பளத்தில் மீதி 18,000 கைக்கு வரும். (பி.எஃப்., வரி இரண்டிலும் சேர்க்கவில்லை.) 600 ரூபாய்க்குப் போக வேண்டிய லீவு இங்கே 1,200-க்குப் போகிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

பிடித்தமும் பேசிக்கில்தான் என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருந்தால் எந்த வழியில் போனாலும் 27,000. அதிலும் லீவுக் காசுக்குப் பேசிக்கை 30-க்குப் பதில் 26-ஆல் வகுக்கிற கம்பெனி என்றால், காசாக வாங்குவதில் ஆயிரத்துச் சொச்சம் கூடவே வரும். அதனால் ராஜினாமா மெயில் அனுப்புவதற்கு முன்னால் ஆர்டரை எடுத்து அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

முழு நோட்டீஸும் இருந்துவிட்டால் எதுவும் பிடிக்க மாட்டார்கள், லீவுக் காசும் வரும். புது இடம் காத்திருந்தால் அதுதான் லாபம். பெரும்பாலும் காத்திருக்க மாட்டார்கள்.

கழிப்பது என்பது கம்பெனி சம்மதித்தால்தான் நடக்கும். மேனேஜர் வாய்வார்த்தையாகச் "சரிப்பா" என்றது செட்டில்மென்ட் ஷீட்டுக்கு வராது, எச்.ஆரிடம் மெயிலில் வாங்குங்கள். அதில் இன்னொன்றையும் கேளுங்கள்: ரிலீவிங் தேதி எது? சில இடங்களில் கழிப்பதற்குப் பதிலாக அந்த 15 நாளும் லீவில் இருந்ததாக எழுதி, ஜூலை 15-ஐக் கடைசி நாளாக்கிவிடுவார்கள். பி.எஃப். பதிவிலும் அதுவே வெளியேறிய தேதியாக ஏறும். எண்ணூர் கம்பெனியோ ஜூலை 1-ஐச் சேர்ந்த தேதியாகப் போட்டிருக்கும். இரண்டு வேலையும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் பி.எஃப். பணத்தை மாற்றும்போது சிக்கல் வரலாம். பழைய கம்பெனியைத் தேடிப்போய்த் திருத்தச் சொல்லி அலைவதைவிட, ஜூன் 30 என்று முன்பே எழுதி வாங்குவது சுலபம்.