பேக்டர், மாத ஊசி, மரபணு சிகிச்சை: 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு எது?

காரிமங்கலத்தில் இருக்கும் என் அண்ணனுக்கு வயது 38, எடை 60 கிலோ. அவருக்குக் கடுமையான ஹீமோபிலியா ஏ இருக்கிறது. அதாவது இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் ஒன்றான எட்டாம் பேக்டர், இயல்பான அளவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

கிலோவுக்கு ஒரு யூனிட் பேக்டர் ஏற்றினால் அதன் அளவு ஏறத்தாழ 2 சதவீதம் உயரும். கிலோவுக்கு 25 யூனிட் வீதம் 1500 யூனிட்டைத் திங்கள் காலையில் நரம்பில் ஏற்றினால் 50 சதவீதம் கிடைக்கிறது. ஆனால் சுமார் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகிவிடுவதால், செவ்வாய் காலையில் 12, புதன் காலையில் 3 என்று இறங்குகிறது. மாந்தோப்பில் ஏணி ஏறுகிறவருக்கு அந்தப் புதன்கிழமைதான் ஆபத்து. அதனால்தான் வாரம் மூன்று முறை நரம்பு தேட வேண்டியிருக்கிறது.

எமிசிசுமாப் என்னும் எதிர்ப்பொருள் ஊசி இந்த ஏற்ற இறக்கத்தை நீக்குகிறது. எட்டாம் பேக்டர் செய்ய வேண்டிய வேலையை, ஒன்பதாம் பேக்டரையும் பத்தாம் பேக்டரையும் பாலம்போல் இணைத்து அது செய்துவிடுகிறது. தோலுக்கடியில், முதல் நான்கு வாரம் வாரத்துக்கு 180 மி.கி., பிறகு மாதம் ஒருமுறை 360 மி.கி. போட்டால் போதும். ஏற்றும் பேக்டரைச் செயலிழக்கச் செய்யும் இன்ஹிபிட்டர் என்ற எதிர்ப்பொருள் உடலில் உருவாகியவர்களுக்கும் இது வேலை செய்யும். ஒன்பதாம் பேக்டர் குறைவான ஹீமோபிலியா பி உள்ளவர்களுக்குப் பயன்படாது. அன்றாடத் தடுப்புக்கு இதையே நான் முதலில் வைப்பேன்.

ஆனால் இது வந்த இரத்தக்கசிவை நிறுத்தும் மருந்தல்ல. போன ஆண்டு, இந்த ஊசி எடுத்துவந்த அண்ணன் வண்டியிலிருந்து விழுந்தபோது, ஒரு மருத்துவமனையில் இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. பரிசோதனை பார்த்து, உறைதல் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவுக்குள் முழங்கால் இளநீர்க்காய்போல் வீங்கிச் சூடேறிவிட்டது. இந்த ஊசி உடலில் கொஞ்சம் இருந்தாலே அந்தப் பரிசோதனை இயல்பாகக் காட்டும். அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. கிலோவுக்கு 20 யூனிட் வீதம் 1200 யூனிட் பேக்டர் ஏற்றிய பிறகே வலி தணிந்தது. இன்ஹிபிட்டர் உள்ளவராக இருந்திருந்தால் இது பலித்திருக்காது. அவர்களுக்கு ஏழாம் பேக்டரின் செயலூக்கப்பட்ட வடிவம்தான் பாதுகாப்பான முதல் தேர்வு. ஃபெய்பா என்ற உறைதல் பேக்டர் கலவையை அதிக அளவில் ஒரு நாளுக்கு மேல் கொடுத்தால், இந்த ஊசியோடு சேர்ந்து நுண்குழாய்களில் இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

மரபணு சிகிச்சையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. வைரஸ் வழியாகக் கல்லீரலுக்கு மரபணுவைச் செலுத்தும் வழிக்கு 2022இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அந்த வைரஸுக்கு எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இது ஒத்துவராது. கல்லீரல் நொதி உயர்ந்தால் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுக்க வேண்டும். ஹீமோபிலியா ஏ உள்ளவர்களுக்குக் கிடைத்த பேக்டர் அளவு ஆண்டுகள் போகப்போகக் குறைகிறது; பி உள்ளவர்களுக்கு இதைவிட நிலைத்து நிற்கிறது. பழைய இரத்தப் பொருள்களால் ஹெபடைடிஸ் சி வந்து கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இந்த வழியை நாடும்முன் நன்றாக யோசிக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லில் மரபணுவைச் சேர்த்துத் திருப்பி ஏற்றிய ஆய்வு 2024 டிசம்பரில் வெளியானது. பங்கேற்ற 5 பேருக்கும் சிகிச்சைக்குப் பின் இரத்தக்கசிவு ஏற்படவில்லை. இதற்கு முன்னதாகக் கடுமையான கீமோதெரபி எடுக்க வேண்டும் என்பதால், மாத ஊசியில் நலமாக இருக்கும் அண்ணனை இப்போதைக்கு அங்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அவர் வீட்டு ஃபிரிட்ஜில் 1000 யூனிட் பேக்டர் குப்பி ஒன்றும் 250 யூனிட் குப்பி ஒன்றும் எப்போதும் இருக்கின்றன. எமிசிசுமாப் எடுப்பதையும், ஏ.பி.டி.டி.யை நம்ப வேண்டாம் என்பதையும் எழுதிய அட்டை அவர் சட்டைப்பையில் இருக்கிறது.