சோடியம் ஹைட்ராக்சைடைத் தரப்படுத்த ஆக்சாலிக் அமிலமா, தாலேட் உப்பா?

சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சுவதால், எடை போட்டுக் கரைத்த அளவை நம்பி அதன் செறிவைச் சொல்ல முடியாது. தூய்மையான ஓர் அமிலத்தோடு தரம் பார்த்தே அதை அறிய வேண்டும். முதலாண்டு ஆய்வகக் கையேட்டில் இப்பகுதியை எழுதியபோது, வழக்கமான ஆக்சாலிக் அமிலத்தை விட்டுப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டைத் தேர்ந்தேன்.

இரண்டுக்கும் நிறங்காட்டி பினாப்தலீன்தான். அரை நிமிடம் மறையாத இளஞ்சிவப்பே முடிவு நிலை. விலையில் ஆக்சாலிக் அமிலம் மலிவு. அது நச்சு என்பதால் பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது என்ற எச்சரிக்கையை அழுத்தி எழுத வேண்டும். கண் பாதுகாப்புக் கண்ணாடி தாலேட்டுக்கும் கட்டாயமே, ஏனெனில் பியூரெட்டில் இருப்பது காரம்.

என் முடிவைத் தீர்மானித்தது படிக நீர். ஆக்சாலிக் அமிலப் படிகத்தின் எடையில் 28.6 விழுக்காடு நீர். பழைய புட்டியில் அந்நீரில் பத்தில் ஒரு பங்கு வெளியேறிவிட்டதாகக் கொள்வோம். 250 மி.லி.யில் 0.05 மோலார் கரைசலுக்கு 1.576 கிராம் எடுத்தால், உண்மையில் கிடைப்பது 0.0515 மோலார். சரியாக 0.1 மோலாராக உள்ள காரம், 20 மி.லி. அமிலத்துக்கு 20.0 மி.லி. ஆவதற்குப் பதிலாக 20.6 மி.லி. செலவாகும், மாணவர் அதன் செறிவை 0.097 என்று எழுதுவார். மூன்று அளவீடுகளும் ஒத்திருக்கும் என்பதால், ஒத்திசைவைக் கொண்டு இப்பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. சூடேற்றி உலர்த்தலாமா என்றால், உலர்த்தினால் படிக நீரும் போய்விடும். எனவே இதையே முன்வினாவாக வைத்தேன்: "ஆக்சாலிக் அமிலப் படிகத்தை 110 டிகிரியில் ஏன் உலர்த்தக் கூடாது?"

தாலேட் உப்பில் படிக நீர் இல்லை. 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, உலர்கலத்தில் ஆறவிட்டால் எடையை நம்பலாம். அதன் மூலக்கூறு எடையும் அதிகம் (204.2). 20 மி.லி. காரத்துக்கு ஏறத்தாழ 0.408 கிராம் தேவை என்பதால், தராசு 0.001 கிராம் தவறினாலும் பிழை கால் விழுக்காடுதான். ஆக்சாலிக் அமிலத்தையும் இப்படிக் குடுவைக்கு 0.126 கிராம் என எடை போட்டால் அதே தவறு 0.8 விழுக்காடாகும். ஒவ்வொரு குடுவைக்கும் தனித்தனியே எடை போடச் சொன்னால், ஒருமுறை எடை தவறியதும் அந்தக் குடுவையின் விடை மட்டும் விலகி நின்று காட்டிக்கொடுத்துவிடும். பிழை அலசலில் மாணவர் எழுத ஏதேனும் உண்மையாக இருப்பது இவ்வழியில்தான்.

ஆயினும் நான் இதைச் சிறிய குழுக்களில் மட்டுமே நடத்தியிருக்கிறேன். ஒரே தராசுக்கு முப்பது பேர் காத்திருக்கும் வகுப்பில் தனித்தனி எடை எவ்வளவு தூரம் நடக்கும் என்று உறுதி கூற இயலாது. பெர்மாங்கனேட் சோதனைக்கும் அதே அமிலம் தேவைப்படும் ஆய்வகம், புதிய புட்டியாகப் பார்த்து ஆக்சாலிக் அமிலத்தையே தொடரலாம்.