பூங்கா காண்ட்ராக்ட் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்: ஜல்லி இல்லாத நடைபாதையும், தண்ணீரை உள்ளே கொண்டுவந்த குழாயும்

சென்னையின் தெற்குப் புறநகரில், களிமண் பூமியில் இருக்கிறது எங்கள் லேஅவுட். மனை பிரித்தபோது பொதுத் திறந்தவெளிக்காக ஓ.எஸ்.ஆர். என்று ஒதுக்கிய நாலு கிரவுண்டு இடம் வெகுகாலம் முள்ளும் குப்பையுமாகக் கிடந்தது. உள்ளாட்சியில் அனுமதி வாங்கி, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, எங்கள் நலச்சங்கம் அதைப் பூங்காவாக்கச் சொல்லி ஒரு லேண்ட்ஸ்கேப் காண்ட்ராக்டரிடம் கொடுத்தது. கோடையில் திறந்தபோது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை வந்ததும், மண்ணுக்கு அடியில் அவர் செய்யாமல் விட்டது எல்லாம் மேலே வந்துவிட்டது. வேறு சங்கங்களும் இப்படி ஏமாறக்கூடாது என்பதற்காகத்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் நடைபாதை. சுற்றிவர 300 அடி நீளம், 5 அடி அகலம், 60 எம்.எம். பேவர் பிளாக். நடக்க மட்டும் என்றால் அந்தக் கனம் போதும், கல்லில் குறை சொல்ல முடியாது. இரண்டாவது மழையிலேயே கற்கள் கால் வைத்தால் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் தூக்கின, இடுக்கில் சேறு பீய்ச்சியது. வயதானவர்கள் நடப்பதை நிறுத்திவிட்டார்கள். வேறொரு மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பத்துக் கல்லை எடுக்கச் சொன்னோம். கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அடியில ஜல்லியே இல்ல சார். களிமண்ணு மேல எம்-சாண்ட் தூவிட்டு அடுக்கிட்டுப் போயிருக்காங்க."

களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் நேரடியாகக் கல் அடுக்கினால் எந்தப் பாதையும் ஒரு வருஷம் தாங்காது. மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, 6 அங்குலம் ஜல்லிக் கலவை போட்டு, தண்ணீர் தெளித்து மெஷினால் கெட்டிக்க வேண்டும். அதற்கு மேல்தான் ஒன்றரை அங்குல மணல் படுகை, பிறகு கல். இரண்டு ஓரத்திலும் கர்ப் கல்லைக் கான்கிரீட்டில் பதித்து நிறுத்தினால்தான் கற்கள் வெளிப்பக்கம் நகராமல் இருக்கும்.

ஜல்லி போட்டார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் கல்லைப் பெயர்க்கவே வேண்டியதில்லை. 300 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 1,500 சதுர அடி. அரை அடி உயரத்துக்கு 750 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி, ஆக ஏழரை யூனிட் ஜல்லி. கெட்டிக்கும்போது அமுங்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே வேண்டும். மூன்று யூனிட் லாரி என்றால் மூன்று லோடாவது கேட்டுக்குள் வந்திருக்க வேண்டும். எங்கள் வாட்ச்மேன் நோட்டில் வண்டி எண்ணோடு எல்லாம் எழுதி வைத்திருந்தார். எம்-சாண்ட் வந்திருக்கிறது, கட்டட இடிபாடு ஏற்றிய டிராக்டர்கள் வந்திருக்கின்றன. ஜல்லி ஒரு லோடுகூட வரவில்லை. பில்லில் மட்டும் ஜல்லிக்கும் கெட்டித்த கூலிக்கும் முழுப்பணம் வாங்கியிருந்தார்.

பாதைக்குச் சாய்வும் கொடுக்கவில்லை. அகலவாட்டில் 50-க்கு 1 சாய்வு இருந்தால் 5 அடிக்கு ஒரு அங்குலத்துக்கும் சற்று அதிகமாக இறங்கும். நடக்கிறவருக்குக் காலில் தெரியாது, தண்ணீர் மட்டும் வழிந்துவிடும். எங்கள் பாதையில் குறுக்கே நூல் பிடித்தால் பல இடத்தில் நடுப்பகுதிதான் பள்ளம்.

இதைவிட மோசம் வடிகால். பூங்காவின் தாழ்ந்த மூலையில் ஒரு சேம்பர் கட்டி, அங்கிருந்து தெருவின் மழைநீர்க் கால்வாய்க்கு 4 அங்குல பிவிசி குழாய் போட்டிருந்தார். மழை வலுத்தபோது சேம்பருக்குள் தண்ணீர் இறங்கவில்லை, உள்ளிருந்து மேலே பொங்கியது. கறுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு, பால் கவரும் ஷாம்பு பாக்கெட்டும் மிதந்து வந்து குழந்தைகள் விளையாடும் மணலில் தேங்கின. மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் வடியவில்லை.

மேஸ்திரி டியூப் லெவல் பிடித்துக் காட்டினார். குழாயின் கால்வாய்ப் பக்க முனையைவிடப் பூங்காப் பக்க முனை 6 அங்குலம் தாழ்வாக இருந்தது. சாய்வே தலைகீழ். சரியான சாய்வில் போட்டிருந்தாலும் எங்கள் இடத்தில் அது மட்டும் போதாது. திரும்பத் திரும்பத் தார் போட்டுச் சாலை உயர்ந்து, பூங்கா தரை இப்போது சாலையைவிட 9 அங்குலம் கீழே கிடக்கிறது. கால்வாய் நிரம்பினால் தண்ணீர் தாழ்ந்த பக்கம்தானே வரும்? சாலை மட்டத்தை முதலில் குறித்துக்கொண்டு, தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும், எந்த நீரை மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் குழாயைத் தொட்டிருக்க வேண்டும். அவர் கொடுத்த வண்ணப் படத்தில் பெஞ்சும் பூவும் இருந்தன, மட்டம் ஒரு இடத்தில்கூட இல்லை. மட்டம் குறிக்காத வரைபடத்தை வாங்கவே வாங்காதீர்கள்.

"மழைநீர் உறிஞ்சு குழி" என்று இரண்டுக்குப் பணம் வாங்கியிருந்தார். மூடியைத் திறந்து தோண்டினால் பூச்சுத் துண்டுகளும் கிழிந்த சிமெண்ட் சாக்கும்தான். நல்ல கூழாங்கல் போட்டிருந்தாலும் களிமண்ணில் வெறும் குழி வேலை செய்யாது. கீழே மணல் அடுக்கு வரும்வரை துளை போட்டுக் குழாய் இறக்க வேண்டும். உங்கள் மண் எப்படி என்று பார்க்க, ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் மட்டம் பெரிதாக இறங்கவில்லை என்றால் வெறும் குழிக்குக் காசு கொடுப்பது வீண்.

மரங்களைப் பற்றிச் சொன்னால் இன்னும் வயிறு எரிகிறது. ஒப்பந்தத்தில் இருந்தது புங்கனும் மகிழமும். நட்டதில் பாதி கோனோகார்ப்பஸ். சீக்கிரம் பச்சையாகத் தெரியும் என்று அதை வைத்துவிட்டார். அதன் வேர் ஈரம் தேடி வடிகால் குழாய்க்குள்ளேயே நுழையும். குஜராத் அரசு 2023-இலேயே அதை நடக்கூடாது என்று தடை போட்டது, பிறகு தமிழ்நாடு அரசும் தடை செய்தது. மீதி இருந்த புங்கன்களில் ஒன்று காற்றில் சாய்ந்தது. நிமிர்த்தப் போனால் கையோடு வந்துவிட்டது. நர்சரியில் வைத்திருந்த கறுப்பு பிளாஸ்டிக் பை அப்படியே வேரைச் சுற்றி இருந்தது. உள்ளே வேர் வெளியேற வழியில்லாமல் வட்டவட்டமாகச் சுருண்டிருந்தது. மற்றவற்றையும் தோண்டிப் பார்த்தோம், பெரும்பாலும் இதே கதிதான்.

பெஞ்சுகளுக்குக் கிழக்கே மரம், மேற்கே வெட்டவெளி. சாயங்காலம் பூங்காவுக்கு ஆள் வரும் நேரத்தில் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது.

காண்ட்ராக்டர் இப்போது போனை எடுப்பதில்லை. சங்கத்தின் சார்பில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அவர் கடைசி பில்லுக்கு அவசரப்படுத்தியது ஏன் என்று இப்போது புரிகிறது, மழைக்கு முன் முழுப்பணமும் கைக்குப் போய்விட வேண்டும்.

கையில் மிஞ்சிய பணத்தில் மோசமான பகுதியை மட்டும் பெயர்த்துப் புதிய மேஸ்திரியிடம் கொடுத்திருக்கிறோம். இந்தமுறை பணம் கட்டம் கட்டமாகத்தான். மண் வெட்டியதும் ஆழத்தை டேப் வைத்து அளக்கிறோம், ஜல்லி கெட்டித்ததும் அளக்கிறோம், குழாயை மூடும் முன் மேல்முனையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி மறுமுனையில் வருகிறதா என்று பார்க்கிறோம். ஒவ்வொன்றையும் அளவு டேப் தெரியும்படி படம் எடுத்த பிறகே மூட அனுமதி. பத்து சதவீதம் பிடித்து வைத்திருக்கிறோம், ஒரு வடகிழக்குப் பருவமழை முடிந்து, தண்ணீர் தேங்காமல் இருந்தால்தான் அது கொடுக்கப்படும். மேஸ்திரி இதற்கெல்லாம் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.