கணினித் திரையிலுள்ள ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குவதா, அப்படியே விடுவதா?

கொழும்பு அலுவலகமொன்றில் கடவுச்சொல்லை மாற்றுமாறு ஊழியர்களுக்கு அனுப்பும் அறிவித்தலில் Settings என்பதை ‘அமைப்புகள்’ என்று எழுதினால் வாசிப்பு தடையின்றி ஓடும். ஆனால் கணினித் திரை ஆங்கிலத்தில் இருப்பவர் அப்பெயரைத் தேடிக் காணாமல், கடைசியில் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கே தொலைபேசி எடுப்பார்.

மூலச்சொல்லை அப்படியே விட்டால் கண் உடனே பொருத்திக்கொள்ளும். வேற்றுமை உருபு ஒட்டும் இடம்தான் இடறும். அதையும் ‘Settings என்ற பகுதியில் Password என்பதை அழுத்தவும்’ என எழுதித் தவிர்க்கலாம். ஆகவே நான் இதையே தேர்வேன். திரையே தமிழில் இருந்தால், அங்குள்ள சொல்லை எழுத்துப் பிசகாமல் எடுக்க வேண்டும்.

அவுட்லுக் போன்ற வணிகப்பெயர் எவ்வாறாயினும் மாறாது. ஈ.பி.எஃப். என்பதோ வேறு வகை: ‘ஊழியர் சேமலாப நிதியம்’ என்ற உத்தியோகபூர்வத் தமிழ்ப் பெயர் வழக்கில் இருப்பதால், அதையே முதலில் எழுதிச் சுருக்கத்தைப் பின்னர் சேர்ப்பது தகும்.