விசா மறுப்புக் கடிதம்: ஒரு தப்பான தமிழாக்கத்துக்கு 460 பவுண்டு கொடுத்து ஏமாந்தேன்

நேற்று சாயங்காலம்தான் முழு விஷயமும் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே மாதிரி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது இப்போது முழித்துக்கொண்டிருப்பீர்கள்.

மனைவிக்குப் பிரசவம், பிரிட்டனில் எங்களுக்கு உதவிக்கு ஆள் இல்லை. அதனால் அம்மாவுக்கு விசிட் விசா போட்டோம். மறுத்துவிட்டார்கள். இரண்டு பக்கக் கடிதம். எனக்கு வேலை இடத்து ஆங்கிலம் வரும், சட்ட ஆங்கிலம் வராது. மனைவியை அந்த நிலையில் அலைக்கழிக்க மனமில்லை. விசா உதவியும் மொழிபெயர்ப்பும் ஒரே இடத்தில் செய்து தரும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம்.

கவுண்டரில் இருந்தவர் நம் ஆள், தமிழ். கடிதத்தைப் பார்த்ததும், "அண்ணா, உட்காருங்க, முதல்ல தண்ணி குடிங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். அத்தனை நாள் தூக்கமில்லாமல் இருந்தவனிடம் யாரோ அக்காவோ தம்பியோ பேசுவது போல இருந்தது. தமிழாக்கத்துக்கு 60 பவுண்டு என்றார், கொடுத்தேன். மறுநாள் ஒன்பது வரி வந்தது. இரண்டு பக்கம் எப்படி ஒன்பது வரியானது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஒன்பது வரியில் மூன்று விஷயம் இருந்தது. அம்மா கொடுத்த வங்கிக் கணக்கு போலி. அம்மா உண்மையான பார்வையாளர் அல்ல, திரும்பிப் போகமாட்டார். இனி எப்போது விண்ணப்பித்தாலும் மறுக்கப்படும், மேல்முறையீடு ஒன்றுதான் வழி. அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "நான் என்னடா போலி பண்ணேன்?" என்று கேட்டுவிட்டு அழுதார். ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மேல்முறையீட்டுக்கு 400 பவுண்டு. மொத்தம் 460. ரசீது தந்தார்கள், ஒரு எண்ணும் தந்தார்கள். ஒரு கடிதமும் தயாரித்து அம்மாவின் கையெழுத்து வாங்கினார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் இரண்டு வாரம், "டிரைப்யூனல்ல கேஸ் நிறைய அண்ணா, பொறுமையா இருங்க." ஐந்தாவது வாரம், "நாளைக்குக் கண்டிப்பா சொல்றேன்." அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேரில் போனால் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறார். "மொழிபெயர்ப்பு மட்டும்தான் எங்க பொறுப்பு, நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்களே" என்று ஒரு தாளைக் காட்டினார். இதற்குள் குழந்தை பிறந்து பத்தொன்பது நாள் ஆகிவிட்டது.

நேற்று ஒரு நண்பர் சொல்லி, இலவசச் சட்ட ஆலோசனை தரும் மையத்துக்குப் போனேன். அங்கே இருந்த ஆலோசகர் ஒரு ஸ்கேலை எடுத்து ஆங்கிலக் கடிதத்தில் ஒவ்வொரு வரியாக வைத்து எனக்குச் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன்.

கடிதம் முழுக்க வருவது 'ஐ ஆம் நாட் சாட்டிஸ்ஃபைட்'. 'நீங்கள் காட்டியதை வைத்து எனக்கு நிச்சயம் ஏற்படவில்லை' என்பதுதான் அதன் பொருள். பொய் சொன்னீர்கள் என்பது அல்ல. நிரூபிக்க வேண்டியது விண்ணப்பிப்பவர் பொறுப்பு, அம்மா காட்டியது போதவில்லை, அவ்வளவுதான். அம்மாவின் கணக்கில் விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு பெரிய தொகை விழுந்திருந்தது. நான் அனுப்பியது. எங்கிருந்து வந்தது என்று ஒரு காகிதம்கூட வைக்கவில்லை. அதனால் அந்தப் பணம் உண்மையிலேயே அம்மாவுடையதா என்று உறுதியாகவில்லை என்று எழுதியிருக்கிறார் அதிகாரி. இதைத்தான் 'போலிக் கணக்கு' ஆக்கிவிட்டார்கள்.

ஏமாற்று என்று அவர்கள் நினைத்திருந்தால் 'டிசெப்ஷன்' அல்லது 'ஃபால்ஸ் ரெப்ரசென்டேஷன்' என்ற சொல் இருக்கும், குடியேற்ற விதிகளின் 9ஆம் பகுதியைச் சொல்லியிருப்பார்கள், 10 வருடம் வரை தடையும் வரலாம். எங்கள் கடிதத்தில் அது எதுவும் இல்லை. இருந்தது வி 4.2 என்ற விசிட் விசா விதி, அதில் ஏ, சி உட்பிரிவுகள். ஏ என்றால் பயணம் முடிந்து திரும்புவார் என்பது. சி என்றால் அனுமதிக்கப்பட்ட காரணத்துக்காகத்தான் வருகிறார் என்பது. 'ஜென்யூன் விசிட்டர்' என்பது இந்த விதியின் பெயர். அதை 'உண்மையான பார்வையாளர் அல்ல' என்று எழுதினால் படிக்கிறவர் காதில் பொய்யர் என்றுதான் விழும்.

'இனி எப்போதும் மறுக்கப்படும்' என்ற வரிதான் எனக்கு இன்னும் எரிகிறது. அசல் வாக்கியத்தில், அடுத்த விண்ணப்பம் அதன் தகுதியில் பார்க்கப்படும், ஆனால் உங்கள் விண்ணப்பத்தின் சூழ்நிலை மாறாவிட்டால் மறுக்கப்படவே வாய்ப்பு அதிகம் என்று இருக்கிறது. 'மாறாவிட்டால்' என்ற ஒரு சொல்லை விழுங்கிவிட்டார்கள். அந்தச் சொல்லில்தான் எங்கள் வழியே இருந்தது: பணம் எப்படி வந்தது என்பதற்கு ஆதாரம் வைத்து, புதிதாக விண்ணப்பிக்கலாம். காத்திருக்க வேண்டிய காலம் என்று எதுவும் இல்லை.

அப்புறம் கடைசிப் பத்தி. தமிழாக்கத்தில் அது அறவே இல்லை. 'நோ ரைட் ஆஃப் அப்பீல் ஆர் அட்மினிஸ்ட்ரேடிவ் ரிவ்யூ'. மேல்முறையீட்டு உரிமையும் இல்லை, நிர்வாக மறுஆய்வும் இல்லை. குடும்பத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு இருந்த முழு மேல்முறையீட்டை பிரிட்டன் 2013லேயே எடுத்துவிட்டது. துணைவர் விசா போன்றவற்றில் மனித உரிமை அடிப்படையில் உண்டு, வெளிநாட்டிலிருந்து என்றால் 28 நாள் கெடு. நிர்வாக மறுஆய்வு வேறு, அது மாணவர், வேலை விசாக்களுக்கு, அதிகாரி செய்த தவறைத் திருத்தச் சொல்வது. நீதிமன்ற மறுஆய்வு எங்களுக்கு உண்டு, மூன்று மாதத்துக்குள், ஆனால் அது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்கும், செலவும் பெரிது. ஆக, இல்லாத ஒன்றுக்கு 400 பவுண்டு வாங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் முடியாது. அம்மா கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதத்தில் 'தவறான வங்கிக் கணக்கு கொடுத்ததற்கு மன்னிக்கவும்' என்று இருந்தது. அது எங்கேயும் போகவில்லை என்று அந்த மையத்து ஆலோசகர் நினைக்கிறார், ஏனென்றால் போக இடமே இல்லை. போயிருந்தால், செய்யாத தப்பை அம்மாவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும். அடுத்த விண்ணப்பத்தில் முந்தைய மறுப்பைச் சொல்லித்தான் ஆகவேண்டும், அங்கேயும் நான் 'போலிக் கணக்கால் மறுத்தார்கள்' என்று எழுதியிருப்பேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன், வேலைக்குப் போக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம், வரிக்கு வரி தமிழாக்கம் கேளுங்கள், சுருக்கம் வாங்காதீர்கள். கடைசிப் பத்தியை முதலில் கேளுங்கள். 'உறுதியாகவில்லை' என்பதையும் 'போலி' என்பதையும் தனித்தனியாகப் பாருங்கள். ஆலோசனை சொல்பவர் வழக்கறிஞரா, இல்லையென்றால் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவு பெற்றவரா என்று அந்த அமைப்பின் தளத்திலேயே தேடுங்கள், இங்கே பதிவில்லாமல் ஆலோசனை தருவது குற்றம். புரியாத ஆங்கிலக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

460 பவுண்டைக் கேட்டு இன்று காலையும் போன் செய்தேன். எடுக்கவில்லை.