பதவி உயர்வுக்குப் பின் பயோ: மேலே ஒட்டுவதா, அழித்து எழுதுவதா, வரிசைப்படுத்துவதா, இணைத்து எழுதுவதா?

பதவி உயர்வு வந்தவர்கள் பயோவை மாற்றும்போது இரண்டில் ஒரு தவறு நடக்கிறது. பழைய வேலையே மேலே நிற்க, புதிய பொறுப்பு கடைசி வரியில் ஒதுங்கிக் கிடக்கும். அல்லது புதிய பதவிப் பெயர் பெரிதாக நிற்க, அந்தப் பதவியை வாங்கிக் கொடுத்த திறமை காணாமல் போயிருக்கும். இந்த வேலையைச் செய்ய நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. நான்கையும் ஒரே ஆளை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சென்னை ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸைச் சுற்றி, இறக்குமதியாளர்களுக்காகச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் சி.எச்.ஏ. ஆபீஸ்கள் உள்ளன; அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே இறக்குமதி ஆவணப் பிரிவில் 10 ஆண்டு இருந்த ஒருவர் இப்போது ஆபரேஷன்ஸ் மேனேஜர். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி ஆகிய மூன்று இடங்களின் கிளியரன்ஸும் அவர் பொறுப்பு. கீழே 12 பேர். அவருடைய பழைய பயோ இது:

"இறக்குமதி ஆவணப் பணியில் 10 ஆண்டு அனுபவம். ரசாயனச் சரக்குகளுக்கு எச்.எஸ். கோடு வகைப்படுத்தல், பில் ஆஃப் என்ட்ரி தாக்கல், கஸ்டம்ஸ் க்வெரிக்குப் பதில் தயாரித்தல். ஜி கார்டு வைத்திருக்கிறேன். கடினமாக உழைப்பேன், குழுவோடு இணைந்து செயல்படுவேன்."

கடைசி வாக்கியத்தைத் தவிர இதில் எல்லாமே பயனுள்ள செய்தி. எச்.எஸ். கோடு என்பது சரக்கின் வகையைக் குறிக்கும் எண், பில் ஆஃப் என்ட்ரி என்பது இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் ஆவணம். ஜி கார்டு என்பது சுங்கத்துறை நடத்தும் தேர்வில் தேறி வாங்குவது. அது இருக்கும் ஊழியரை பில் ஆஃப் என்ட்ரியில் கையெழுத்திட நிறுவனம் அனுமதிக்கலாம். மணலியில் ரசாயனம் இறக்குபவர், மாதவரத்தில் சி.எஃப்.எஸ். எனும் கன்டெய்னர் கிடங்கு நடத்துபவர் என யார் படித்தாலும் அந்த ஒரு சொல்லிலேயே ஆளை எடைபோட்டுவிடுவார். பயோவை மாற்றும்போது இப்படிப்பட்ட சொற்கள்தான் முதலில் பலியாகின்றன.

முதல் வழி, பழையதை அப்படியே விட்டுவிட்டு மேலே ஒரு வரி ஒட்டுவது. "தற்போது ஆபரேஷன்ஸ் மேனேஜராக உள்ளேன்" என்று ஆரம்பித்து, பிறகு பழைய பயோ தொடரும். இரண்டு நிமிட வேலை, எதுவும் அழியாது. ஆனால் படிப்பவர் மனதில் நிற்பது எது அதிக இடம் பிடித்திருக்கிறதோ அதுதான். ஒரு வரி மேனேஜர், மூன்று வரி ஆவணம் என்றால் அவர் ஆவணக்காரர்தான். விளைவு உடனே தெரியும்: வாடிக்கையாளர்கள் பில் ஆஃப் என்ட்ரி நம்பர் கேட்டு இன்னும் இவரையே கூப்பிடுவார்கள், மூன்று கன்டெய்னர் சிக்கி நிற்கிறது, என்ன செய்யலாம் என்ற கேள்வி மட்டும் நேராக முதலாளிக்குப் போகும். பதவி உயர்வு அறிவித்த முதல் வாரத்துக்கு இது போதும். அதற்குமேல் வைத்திருக்கக் கூடாது.

இரண்டாவது வழி, முழுக்க அழித்துப் புதிதாக எழுதுவது. "12 பேர் கொண்ட அணியை வழிநடத்தும் ஆபரேஷன்ஸ் தலைவர். திட்டமிடல், செலவுக் கட்டுப்பாடு, வாடிக்கையாளர் திருப்தி ஆகியவற்றில் கவனம் செலுத்துகிறேன்." பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அம்பத்தூர் ஃபேக்டரி மேனேஜர் ஒருவரும் இதே இரண்டு வாக்கியங்களைத் தன் பயோவில் போட்டுக்கொள்ளலாம், ஒரு எழுத்துகூட மாற்றத் தேவையில்லை. கஸ்டம்ஸ், ரசாயனம், எச்.எஸ். கோடு, ஜி கார்டு நான்கும் போய்விட்டதால், அந்தச் சொற்களை வைத்துத் தேடுபவர் கண்ணிலும் இவர் படமாட்டார். நான்கு வழிகளில் அதிகச் சேதம் செய்வது இதுதான். பதவி உயர்ந்ததும் பழைய வேலை சிறியது என்ற கூச்சம் வருகிறதே, அதுதான் இப்படி அழிக்க வைக்கிறது. வேறு துறைக்கே மாறிப்போனவருக்கு மட்டும் இது சரி.

மூன்றாவது, தலைகீழ் வரிசை. இப்போதைய பதவி, அதன் கீழ் முந்தைய பதவி, அதன் கீழ் அதற்கும் முந்தையது, ஒவ்வொன்றுக்கும் ஆண்டு. ரெஸ்யூமேவுக்கும், டெண்டரோடு இணைக்கும் பணியாளர் விவரத்துக்கும் இதுவே சரியான வடிவம். அங்கே படிப்பவர் தேதி பார்த்துச் சரிபார்க்கிறார். இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இடத்தைப் பங்கிடுவது. புதிய பதவிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்பதால் அதற்கு ஒரு வரியும் பழையதற்கு ஆறு வரியும் விழுந்துவிடும். புதியதற்கு நான்கு, முந்தையதற்கு மூன்று என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டு எழுத உட்கார வேண்டும். இரண்டாவது, பழைய திறமை தேதியோடு பூட்டப்பட்டு 'அப்போது செய்த வேலை' ஆகிவிடுகிறது. இன்றைக்கும் சிக்கலான வகைப்படுத்தல் இவர் மேசைக்குத்தான் வருகிறது என்பது அந்த வடிவத்தில் தெரியாது.

நான்காவது வழி, பொறுப்பை முதலில் சொல்லி, பழைய பலத்தை அதற்குக் காரணமாக இணைப்பது. நிறுவன இணையதளம், லிங்க்ட்இன், வர்த்தகக் கூட்டத்தில் பேச்சாளர் அறிமுகம் ஆகிய மூன்றுக்கும் நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். நம் ஆளுக்கு அது இப்படி வரும்:

"சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் எங்கள் நிறுவனத்தின் இறக்குமதி கிளியரன்ஸுக்குப் பொறுப்பு வகிக்கிறேன். எந்தச் சரக்கு முதலில் நகர வேண்டும், சிக்கிய சரக்குக்கு அடுத்து என்ன செய்வது என்பதை 12 பேர் குழுவோடு முடிவு செய்கிறேன். ரசாயனச் சரக்குகளின் எச்.எஸ். வகைப்படுத்தலிலும் க்வெரி பதிலிலும் 10 ஆண்டு வேலை செய்ததால், ஆவணத்தில் எங்கே கேள்வி எழும் என்பதைக் கப்பல் வருமுன்பே பார்த்துச் சரிசெய்ய வைக்கிறேன். ஜி கார்டு வைத்திருக்கிறேன்."

முதல் வாக்கியத்தில் பதவிப் பெயரே இல்லை என்பதைக் கவனியுங்கள். பதவிப் பெயர் பயோவுக்கு மேலே, பெயருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும். ஒரு ஆபீஸில் மேனேஜர் என்றால் 40 பேருக்குத் தலைவர், இன்னொரு ஆபீஸில் 2 பேருக்கு. அதனால் எதற்குப் பொறுப்பு, எந்த எல்லைக்குள் என்பதுதான் செய்தி. இரண்டாவது வாக்கியம் எந்த முடிவு இவரிடம் வருகிறது என்று சொல்கிறது. வாடிக்கையாளர் இனி எதற்கு இவரை அழைக்கலாம் என்பது இதைப் படித்ததும் தெரிந்துவிடும்.

மூன்றாவது வாக்கியம்தான் பாலம், இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். "10 ஆண்டு ஆவண அனுபவமும் உண்டு" என்று எழுதினால் அது வால் போலத் தொங்கும். பழைய திறமையால் புதிய வேலையில் என்ன மாறுகிறது என்று கேட்டு, அந்தப் பதிலை எழுத வேண்டும். நம் ஆள் விஷயத்தில் பதில் தெளிவாகவே இருக்கிறது. சுங்கச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, பொதுவாகக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாக வேண்டும். தாமதமானால் முதல் 3 நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கட்டணம். இது போக சரக்கு நிற்கும் நாட்களுக்கு வாடகை வேறு. வகைப்படுத்தல் தெரிந்த மேனேஜர் முன்கூட்டியே ஆவணத்தைப் பார்த்தால் வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பணம் மிச்சம். சட்ட விவரம் எதுவும் பயோவில் வரவேண்டாம். 'கப்பல் வருமுன்பே' என்ற சொற்களே தொழிலில் உள்ளவருக்குப் போதும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. கணக்குப் பிரிவிலிருந்து ஆபரேஷன்ஸுக்கு வந்தவருக்கு இவ்வளவு இயல்பான பாலம் கிடைக்காமல் போகலாம். அப்போது வலிந்து இணைக்கக் கூடாது, இழுத்துக் கட்டியது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். "முன்னதாக 6 ஆண்டு பில்லிங் பிரிவில் இருந்தேன்" என்று தனி வாக்கியமாக நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு ஆபத்து வினைச்சொல்லில் இருக்கிறது. பதவிக்கு வந்த சில வாரங்களில் "தாமதத்தைக் குறைத்தேன்" என்று எழுத முடியாது, அது இன்னும் நடக்கவில்லை. முந்தைய மேனேஜர் காலத்துச் சாதனையைத் தன் கணக்கில் எழுதினால் சொந்தக் குழுவிலேயே முகம் சுளிப்பார்கள். அதனால் முதல் மூன்று மாதத்துக்குப் பொறுப்பு, எண்ணிக்கை, முடிவெடுக்கும் எல்லை ஆகியவற்றை மட்டும் எழுதலாம். சாதனைகளைப் பழைய வேலையிலிருந்தே எடுத்துக் காட்டுங்கள், அங்கே அவை உண்மையாகவே உங்களுடையவை. இன்றும் பயன்படுத்தும் திறமைக்கு நிகழ்காலம், விட்டுவிட்ட வேலைக்கு இறந்தகாலம். பழைய பயோவில் எப்போதோ எழுதிய "தாக்கல் செய்கிறேன்" அப்படியே தங்கிவிட்டால் மேனேஜரே தினமும் தாக்கல் செய்கிறார் என்று பொருளாகிவிடும்.

வேலை முடிந்ததா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் காட்டி, "இவரிடம் எதற்குப் போகலாம்?" என்று உங்கள் வேலையை அறியாத ஒருவரிடம் கேளுங்கள். பதிலில் பழைய வேலை வந்தால் வரிசை சரியில்லை. பிறகு, பழைய வேலையில் உங்களைத் தேடி வந்தவர்கள் எந்தச் சொற்களால் உங்களை அடையாளம் சொல்வார்களோ அவற்றில் மூன்றை எழுதிக்கொண்டு, அவை புதிய பயோவில் உள்ளனவா என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அழித்தது அதிகம்.

இடம் குறையக் குறையத் தேர்வும் மாறும். வாட்ஸ்அப்பின் சுயவிவர வரியில் 139 எழுத்துதான். அங்கே பாலத்துக்கு இடமில்லை, "இறக்குமதி கிளியரன்ஸ் பொறுப்பு, சென்னை–எண்ணூர்–காட்டுப்பள்ளி. ரசாயனச் சரக்கு, ஜி கார்டு" என்று பொறுப்பும் இரண்டு அடையாளச் சொற்களும் வந்தால் சரி. லிங்க்ட்இன் Headline 220 எழுத்து வரை ஏற்கும். About பகுதியில் 2,600 எழுத்துக்கு இடமிருந்தாலும் விரிக்காமல் தெரிவது முதல் சில வரிகள் மட்டுமே. அதனால் மேலே காட்டிய நான்கு வாக்கியங்களில் முதல் இரண்டும் அந்த வரிகளுக்குள் வந்தாக வேண்டும்.

லிங்க்ட்இன்னில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. Experience பகுதியில் பழைய பதவியைத் திறந்து, பெயரை மட்டும் மேனேஜர் என்று மாற்றிவிடுகிறார்கள். அப்போது 10 ஆண்டும் மேனேஜராகவே இருந்ததாகத் தெரியும், ஏறிவந்த படி மறைந்துபோகும், பின்னர் நிறுவனம் தரும் அனுபவச் சான்றிதழோடும் பொருந்தாது. பழைய பதவிக்கு முடிவுத் தேதி கொடுத்துவிட்டு, அதே நிறுவனப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்துப் புதிய பதவியைத் தனியாகச் சேர்த்தால் இரண்டும் ஒரே நிறுவனத்தின் கீழ் அடுக்காக நிற்கும். சேர்க்கும்போது Notify network என்ற பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் அறிவிப்பு வருமுன் வாடிக்கையாளருக்குச் செய்தி போய்விடக் கூடாது. குழுவின் எண்ணிக்கை, துறைமுகங்களின் பெயர் ஆகியவற்றை வெளியே சொல்லலாமா என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இறக்குமதியாளர்களின் பெயரை மட்டும் அவர்கள் அனுமதியில்லாமல் எந்த வடிவத்திலும் எழுத வேண்டாம்.