இன்டெக்ஸ் ஃபண்ட்: பல வருடம் வைத்திருந்து பார்த்ததில் தெரிந்தவை

ஒரு பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இன்டெக்ஸ் ஃபண்டும், மேனேஜர் தானே பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் ஆக்டிவ் ஃபண்டும் பல வருடங்களாக என்னிடம் இருக்கின்றன. இன்டெக்ஸ் ஃபண்ட் எப்படி என்று யாராவது கேட்டால், எவ்வளவு லாபம் தந்தது என்பதைத்தான் முதலில் எதிர்பார்க்கிறார்கள். லாபமும் நஷ்டமும் சந்தை தருவது. ஃபண்டின் வேலை தன் குறியீட்டை விட்டு விலகாமல் இருப்பது. அதனால் வருடம் ஒருமுறை நான் கணக்குப் போடுவது ஒன்றைத்தான்: குறியீடு எவ்வளவு ஏறியது, என் ஃபண்ட் எவ்வளவு ஏறியது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம். அந்த வித்தியாசத்தைத்தான் டிராக்கிங் டிஃபரன்ஸ் என்கிறார்கள்.

குறியீட்டை ஒட்டி நடக்க மேனேஜர் தினமும் பங்குகளை வாங்கி விற்றுக்கொண்டே இருப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான நாட்களில் அவர் எதையும் தொட வேண்டியதில்லை. ஏன் என்று சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு குறியீட்டில் மூன்றே நிறுவனங்கள். அவற்றின் சந்தை மதிப்பு 500, 300, 200 கோடி. மொத்தம் 1,000 கோடி. நம் ஃபண்டில் 10 கோடி இருக்கிறது. மொத்தத்தில் ஒவ்வொன்றின் விகிதம்தான் அதன் எடை; அந்த எடைப்படி பணத்தை 5, 3, 2 கோடியாகப் பிரித்து வாங்குகிறோம். அதாவது ஒவ்வொரு நிறுவனத்திலும் சரியாக நூற்றில் ஒரு பங்கு நம்முடையது. இப்போது முதல் நிறுவனத்தின் விலை 20 சதவீதம் ஏறுகிறது. அதன் மதிப்பு 600 கோடி, குறியீடு 1,100 கோடி. நம்மிடம் இருந்த 5 கோடி தானாகவே 6 கோடி ஆகிவிடுகிறது. மொத்தம் 11 கோடி. இப்போதும் ஒவ்வொன்றிலும் நூற்றில் ஒரு பங்குதான். எடை மாறியது, ஆனால் நம் கையிருப்பும் அதே அளவுக்கு மாறிவிட்டது. ஒரு பங்கைக்கூட வாங்கவில்லை, விற்கவில்லை.

எல்லாக் குறியீடுகளுக்கும் இந்தச் சௌகரியம் இல்லை; சந்தை மதிப்பை வைத்து எடை போடும் குறியீடுகளுக்கு உண்டு. பெரிய குறியீடுகளில் பலவும், வெளியில் புழங்கும் பங்குகளை மட்டும் கணக்கில் எடுத்து, இப்படித்தான் எடை போடுகின்றன. எல்லா நிறுவனங்களுக்கும் சம எடை தரும் குறியீடு என்றால், ஏறியதை விற்று இறங்கியதை வாங்கி அடிக்கடி சமப்படுத்த வேண்டும். அங்கே வர்த்தகச் செலவும் கூடும். இரண்டையும் இன்டெக்ஸ் ஃபண்ட் என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள் என்பதால், செலவைப் பார்ப்பதற்கு முன் எந்த வகைக் குறியீடு என்று பார்த்துவிடுவேன்.

குறைந்த செலவு இங்கிருந்துதான் தொடங்குகிறது. எந்தப் பங்கை வாங்குவது என்று ஆராய ஒரு குழுவுக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. குறியீட்டைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அது ஆராய்ச்சிச் செலவைவிடப் பொதுவாகச் சிறியது. ஃபண்டில் பணம் இரண்டு மடங்கானாலும் வேலை இரண்டு மடங்காவதில்லை. ஆக்டிவ் ஃபண்டில் இதற்கு மேல் இன்னொரு செலவும் இருக்கிறது, பலர் கண்ணில் படாதது. ஃபண்ட் வருடத்துக்கு எடுக்கும் கட்டணத்தைச் சொல்லும் செலவு விகிதத்தில் அது பெரும்பாலும் வருவதே இல்லை. ஒவ்வொரு முறை விற்று வாங்கும்போதும் தரகு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, பெரிய ஆர்டரால் விலையே நகர்ந்துவிடுவது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. இதெல்லாம் நேராக ஒரு யூனிட்டின் மதிப்பான என்.ஏ.வி.யிலிருந்துதான் போகிறது. என் ஆக்டிவ் ஃபண்டின் அறிக்கையில் டர்ன்ஓவர் விகிதத்தைத் தேடிப் பார்ப்பது இதனால்தான். அது 100 சதவீதம் என்றால், ஏறக்குறைய முழு போர்ட்ஃபோலியோவும் ஒரே வருடத்தில் கைமாறியிருக்கிறது என்று பொருள்.

இதில் சாமர்த்தியம் எங்கே வருகிறது? 1991இல் பொருளாதார அறிஞர் வில்லியம் ஷார்ப் எளிமையாகச் சொன்ன கணக்கு இது. சந்தையில் உள்ள எல்லாப் பங்குகளும் இன்டெக்ஸ் முதலீட்டாளர்களிடமோ ஆக்டிவ் முதலீட்டாளர்களிடமோ இருக்கின்றன. முதல் குழுவுக்குக் கிடைப்பது சந்தையின் சராசரி. அப்படியென்றால் இரண்டாவது குழுவுக்கும், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், செலவுக்கு முன் அதே சராசரிதான். செலவைக் கழித்தபின் அதிகம் செலவழித்த குழு பின்தங்கியே ஆக வேண்டும். தனிப்பட்ட ஒரு மேனேஜர் ஜெயிக்கலாம். மொத்தக் குழுவும் ஜெயிக்க முடியாது. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் கூட்டுவட்டி அதைச் சும்மா விடாது. சந்தை வருடம் 8 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 0.1 சதவீதச் செலவில் ஒரு லட்சம் 20 வருடத்தில் சுமார் 4.58 லட்சம் ஆகிறது. 1 சதவீதச் செலவில் சுமார் 3.87 லட்சம்தான்.

சரி, செலவு விகிதம் 0.1 என்றால் குறியீட்டுக்கும் ஃபண்டுக்கும் உள்ள இடைவெளியும், அதாவது டிராக்கிங் டிஃபரன்ஸும், 0.1 ஆகவே இருக்குமா? இருக்காது. ஒரு வருடம் என் ஃபண்டின் இடைவெளி வழக்கத்தைவிட நன்றாகவே கூடியிருந்தது. கட்டணம் மாறவில்லை. மாதாந்திர போர்ட்ஃபோலியோ பட்டியலைத் திறந்து பார்த்தபோது கடைசி வரிகளில் காரணம் இருந்தது: ரொக்கம். டிவிடெண்ட் வந்தது, புதுப் பணம் வந்தது, உடனே முதலீடாகாமல் நின்றது. ஃபண்டில் 1 சதவீதம் ரொக்கமாக நிற்க, சந்தை 15 சதவீதம் ஏறினால், அதனால் மட்டுமே 0.15 சதவீதம் போய்விடும். சந்தை இறங்கினால் அதே ரொக்கம் ஃபண்டைக் குறியீட்டைவிட நன்றாகக் காட்டும். இரண்டும் சரியான டிராக்கிங் அல்ல. பல ஃபண்டுகள் இதைச் சமாளிக்க, குறியீட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஃப்யூச்சர்ஸ் ஒப்பந்தங்களை வாங்கி வைக்கின்றன.

ஒப்பிடும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, டிவிடெண்டையும் சேர்த்த மொத்த வருமானக் குறியீட்டோடு ஒப்பிட வேண்டும். விலைக் குறியீட்டோடு ஒப்பிட்டால், டிவிடெண்ட் 1.5 சதவீதம் இருக்கும் வருடத்தில் 0.5 சதவீதம் கோட்டைவிட்ட ஃபண்டுகூட 1 சதவீதம் முந்தியது போலத் தெரியும். இன்னொன்று, டிராக்கிங் எரர். இடைவெளி எவ்வளவு ஏற்ற இறக்கமாக இருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. இடைவெளி எவ்வளவு என்பதை அல்ல. ஒவ்வொரு மாதமும் ஒரே அளவு பின்தங்கும் ஃபண்டின் டிராக்கிங் எரர் பூஜ்ஜியம்! ஒரே குறியீட்டைப் பின்தொடரும் இரண்டு ஃபண்டுகளில் தேர்ந்தெடுக்க, நான் இடைவெளியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இடைவெளியிலும் தெரியாத ஒரு செலவு உண்டு. டெஸ்லா, அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் சேரப்போகிறது என்று 2020 நவம்பர் 16 அன்று அறிவித்தார்கள். சேர்ந்தது டிசம்பர் 21 அன்று. குறியீட்டோடு ஒட்டி நிற்க வேண்டிய ஃபண்டுகள் அதற்கு முந்தைய வர்த்தக நாளின் முடிவு விலையில் வாங்கியாக வேண்டும். அதற்குள் பங்கு விலை சுமார் 70 சதவீதம் ஏறியிருந்தது. குறியீடும் அதே விலையில்தான் டெஸ்லாவைச் சேர்த்துக்கொண்டது. அதனால் ஃபண்டின் இடைவெளிக் கணக்கில் இந்த ஏற்றம் துளிகூடத் தெரியாது. அறிவிப்புக்கும் சேர்க்கைக்கும் நடுவே வாங்கி, கடைசி நாளில் இன்டெக்ஸ் ஃபண்டுகளுக்கு விற்றவர்களுக்குத்தான் லாபம். ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் கொண்ட பரந்த குறியீடுகளில் ஒரு நிறுவனம் பெரிதாக வளரும் முன்பே உள்ளே இருப்பதால், இப்படிப்பட்ட நெருக்கடி குறைவு. அடுத்த ஃபண்டைத் தேர்ந்தெடுக்கும்போது, செலவு விகிதமும் இடைவெளியும் ஏறக்குறைய சமமாக இருந்தால், நான் பரந்த குறியீட்டின் பக்கம்தான் போவேன்.